ஹோலிப் பொடி பாக்கெட்டில் என்ன எழுதுவது? புதிதாக விற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹோலிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே சௌகார்பேட்டை மின்ட் தெருவில் கலர்பொடி மூட்டைகள் வந்து இறங்கிவிடும். இப்போது அந்தத் தெருவோடு நிற்கவில்லை. ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட்டுகள், பெங்களூர் குடியிருப்புகள், பள்ளிகள் என்று எல்லா இடத்திலும் ஹோலி உண்டு. அங்கெல்லாம் “ஆர்கானிக் குலால்” என்று சின்னச் சின்ன பாக்கெட்டில் வீட்டிலிருந்தே விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். நீங்களும் அப்படி ஒருவராக இறங்கப் போகிறீர்கள் என்றால், பொடி தயாரிப்பதற்குச் சமமாக யோசிக்க வேண்டிய வேலை அந்த பாக்கெட்டின் பின்பக்கம் எழுதுவது.

வாங்குகிற அம்மாவோ அப்பாவோ முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து எடுப்பார்கள். திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று. உள்ளே என்ன இருக்கிறது? அது ஏன் இருக்கிறது? என் பிள்ளை மேல் பட்டால், வாயில் போனால், கண்ணில் விழுந்தால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் “இயற்கையின் அரவணைப்பு” என்று எழுதி வைத்தால் பாக்கெட் மறுபடி அலமாரிக்கே போகும்.

முதலில் மூட்டையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எழுதுவதற்கு முன்னால் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிய வேண்டும். நீங்களே கலக்கிறீர்கள் என்றால் சிக்கல் இல்லை. வியாபாரியிடம் “ஹெர்பல் குலால்” என்று மூட்டையாக வாங்கி, பிரித்து பாக்கெட் போடுகிறீர்கள் என்றால், என்னென்ன எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். “எல்லாம் நேச்சுரல்தான் மேடம்” என்பது பதில் இல்லை. அதற்கு மேல் அவர் எதுவும் தரமாட்டார் என்றால் அந்த மூட்டையை விட்டுவிடுவது நல்லது. தெரியாத பொருளுக்கு எவ்வளவு அழகாக எழுதினாலும் அது பொய்தான்.

அடிப்படைப் பொடி எது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நல்ல குலாலில் பெரும்பங்கு ஸ்டார்ச். அதாவது சூப்புக்குப் போடும் கார்ன்ஃப்ளார், அல்லது கூவைக்கிழங்கு மாவு. மலிவான பொடியில் ஸ்டார்ச்சுக்குப் பதில் டால்க் இருக்கும், இல்லை சுண்ணாம்புக்கல் தூள் இருக்கும். புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு எடுத்து, தண்ணீர் விட்டு இளக்கி, பொடியின் மேல் விடுங்கள். ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாக மாறும். டால்க் மட்டும் என்றால் அந்தப் பழுப்பு அப்படியே நிற்கும்.

இரண்டையும் கலந்திருந்தாலும் அயோடின் நீலம் காட்டிவிடும். அதனால் இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விடுங்கள். ஸ்டார்ச் கஞ்சியாக வரும். அதை நிறையத் தண்ணீர் விட்டு இளக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் வைத்தால், கல்தூளும் டால்க்கும் அடியில் படியும். அடியில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இந்தச் சோதனைகள் எல்லாம் மோசமான சரக்கைக் கழித்துக்கட்டத்தான். ஈயம், ஆர்செனிக், பாதரசம், காட்மியம் இருக்கிறதா என்பதை எந்தச் சமையலறையிலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். அப்படியே பாக்டீரியா, பூஞ்சை எண்ணிக்கையையும் கேட்டுவிடுங்கள். இயற்கைப் பொருளில் உலோகத்தைவிடப் பூஞ்சைதான் அடிக்கடி தொல்லை தரும்.

ஒரு மஞ்சள் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம்

நிறங்களில் எழுதுவதற்கு எளிதாகத் தெரிவதும் அதிகம் மாட்டிவிடுவதும் மஞ்சள்தான். நம் எடுத்துக்காட்டில் ஒரு கிலோ பொடி. 920 கிராம் கார்ன்ஃப்ளார், 80 கிராம் மஞ்சள் தூள், வேறு எதுவும் இல்லை. இரண்டையும் கலந்து, மெல்லிய சல்லடையில் இரண்டு மூன்று முறை சலித்து, 100 கிராம் பாக்கெட்டாகப் போடுகிறீர்கள்.

புதிதாக வருபவர்கள் இதற்கு வழக்கமாக எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

> 100% ஆர்கானிக்! கெமிக்கல் ஃப்ரீ! குழந்தைகளுக்கு முற்றிலும் பாதுகாப்பானது! எளிதில் கழுவலாம்! சாப்பிடக்கூடப் பாதுகாப்பானது!

ஐந்து வாக்கியம், ஐந்திலும் வம்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“எளிதில் கழுவலாம்” என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஹோலி முடிந்த மதியம் உங்களுக்கு வரப்போகும் முதல் புகார் அதில்தான் இருக்கிறது. பிள்ளை குளிக்கப் போகிறது. அம்மா சோப்புப் போடுகிறார். மஞ்சளாக இருந்த கையும் சட்டையும் திடீரென்று செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. “ஆர்கானிக் என்றீர்களே, இதில் என்ன ரசாயனம் கலந்திருக்கிறீர்கள்?” என்று போட்டோவோடு வாட்ஸ்அப் வரும்.

நடந்தது இவ்வளவுதான். மஞ்சளில் நிறம் தருவது குர்குமின். காரத்தன்மை உள்ள எதனோடு சேர்ந்தாலும் அது சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதே வேலைதான். சுண்ணாம்பின் இடத்தில் சோப்பு, அவ்வளவே. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். உண்மையில் இது பொடியில் இருப்பது மஞ்சள்தான் என்பதற்குச் சாட்சி. ஆனால் புகார் வந்த பிறகு சொன்னால் சமாளிப்பு மாதிரி இருக்கும். முன்கூட்டியே பாக்கெட்டில் இருந்தால் அதுவே நம்பிக்கை தரும். அதனால் இப்படி எழுதுங்கள்:

> இதில் இருப்பது மஞ்சள். சோப்புப் பட்டால் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீர் விட்டு அலசினால் அடங்கிவிடும். தோலில் லேசான மஞ்சள் ஒன்றிரண்டு நாள் நிற்கலாம். வெள்ளைத் துணியில் கறை படியும். பழைய துணி போட்டு விளையாட விடுங்கள்.

துணிக்கறைக்கு வெயில் உதவும். குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும். துவைத்த சட்டையை நல்ல வெயிலில் காயப்போட்டால் பெருமளவு போய்விடும். இடம் இருந்தால் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்து, நம்மூர் அம்மாக்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: “கஸ்தூரி மஞ்சளா, கறி மஞ்சளா?” முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள்தான் என்று பழகியவர்கள் அவர்கள். வெறுமனே “மஞ்சள்” என்று எழுதி நிறுத்தாதீர்கள். “சமையல் மஞ்சள், ஈரோட்டு விரலியை அரைத்தது” என்று இருந்தால் கேள்வியே வராது. (உண்மையில் ஈரோட்டிலிருந்து வாங்கியிருந்தால் மட்டும். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அந்தப் பெயரைச் சும்மா ஒட்டிக்கொள்ள முடியாது.)

கடையில் அரைத்து வைத்த தூளை வாங்காமல் விரலியாக வாங்கி அரைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூளில் மெட்டானில் யெல்லோ போன்ற சாயம் கலப்பது பழைய கலப்படம். விரலி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. பார்வைக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கிழங்கின் மேலேயே லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தைப் பூசுகிறவர்களும் உண்டு. அதனால் மெருகேற்றாத, மங்கலான விரலியாகப் பார்த்து வாங்குங்கள். அரைத்த தூளை ஈயச் சோதனைக்கு அனுப்புங்கள். இந்தச் சோதனை இல்லாமல் “குழந்தைகளுக்கு” என்ற சொல்லையே எழுதாதீர்கள் என்பது என் கறாரான கருத்து.

தண்ணீர்ச் சோதனை ஒன்று சொல்வார்கள்: பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் தூவினால் அசல் மஞ்சள் மெல்ல அடியில் படியும், சாயம் என்றால் கோடு கோடாக நிறம் இறங்கும். மஞ்சளுக்கு இது ஓரளவு சரி. பீட்ரூட் பொடிக்கு இதே சோதனையைச் செய்தால் ஏமாந்து போவீர்கள், ஏனென்றால் பீட்ரூட்டின் அசல் நிறமே தண்ணீரில் கரையக்கூடியது.

“சாப்பிடக்கூடப் பாதுகாப்பானது” என்ற வரியை எடுத்துவிடுங்கள். கார்ன்ஃப்ளாரும் மஞ்சளும் சமையலறைப் பொருள்தானே என்று தோன்றும். ஆனால் சாப்பிடும் பொருள் என்று சொன்ன நிமிடமே உணவுச் சட்டம், உரிமம் எல்லாம் வந்து நிற்கும். அதோடு, பொடியை அள்ளி வாயில் போடும் குழந்தைக்கு உண்மையான ஆபத்து நஞ்சு இல்லை, புரையேறுவதுதான். “கொஞ்சம் வாயில் போனால் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இது உணவுப் பொருள் அல்ல” என்று எழுதினால் போதும்.

“கெமிக்கல் ஃப்ரீ” என்பதும் வேண்டாம். குர்குமினும் ஒரு ரசாயனம்தான் என்று சொல்ல எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். அதற்குப் பதிலாக, பொடியில் இல்லாததைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: “செயற்கைச் சாயம் இல்லை, வாசனைத் திரவியம் இல்லை, டால்க் இல்லை, மினுமினுப்புத் தூள் இல்லை.” பெற்றோருக்கு இது ஒன்றுக்கு நான்காகப் புரியும்.

வாசனை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோஜா வாசனை, சந்தன வாசனை சேர்த்தால் பாக்கெட் நன்றாக விற்கும். ஆனால் தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகும் பொருள்களில் வாசனைக் கலவை முன்வரிசையில் இருக்கிறது. குழந்தைகளுக்கான பொடியில் அது வேண்டாம்.

“ஆர்கானிக்” என்ற சொல்

பூச்சிமருந்து இல்லாமல் விளைந்தது என்பதற்குச் சான்றிதழ் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். மஞ்சளை என்பிஓபி அல்லது பிஜிஎஸ்-இந்தியா சான்று பெற்றவரிடம் வாங்கியிருந்தால், “மஞ்சள்: சான்று பெற்ற இயற்கை விவசாயத்தில் விளைந்தது” என்று அந்தப் பொருளுக்கு மட்டும் எழுதுங்கள். கடையில் வாங்கிய சாதாரண கார்ன்ஃப்ளார் பத்தில் ஒன்பது பங்கு இருக்கும்போது மொத்த பாக்கெட்டும் “100% ஆர்கானிக்” ஆகாது. ஆதாரமில்லாத பசுமை விளம்பரங்களைப் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. இயற்கை, ஆர்கானிக் என்றெல்லாம் சொன்னால் அதற்கு ஆதாரம் காட்டத் தயாராக இருக்க வேண்டும். சான்றிதழ் இல்லையா? “மஞ்சளும் மாவும் மட்டும்” என்று எழுதுங்கள். அது எந்தச் சான்றிதழும் கேட்காது, விற்கவும் செய்யும்.

மற்ற நிறங்கள்: எங்கே உண்மை சொல்வது கடினமாகிறது

மஞ்சளுக்கு அடுத்து நேர்மையாக எழுத வசதியானது பலாசப் பூ. ஹோலி நெருங்கும் பருவத்தில் பூக்கும் பூ இது, நம் பக்கம் புரசு என்பார்கள். வடக்கே டேசு. மதுரா, பிருந்தாவனம் பக்கம் இந்தப் பூவை ஊறவைத்துக் காவி மஞ்சள் தண்ணீர் எடுத்து ஹோலி ஆடுவது நெடுநாள் வழக்கம். பூவையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதினால் போதும்.

இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட். சாற்றை மாவில் பிசிறி, நிழலில் உலர்த்தி, அரைத்துச் சலிப்பார்கள். இந்த நிறம் சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கும். கண்ணாடி ஜாடியில் வெயிலில் வைத்தால் சில வாரங்களில் வெளிறிவிடும். ஈரம் முழுதாகப் போகாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பாக்கெட்டைத் திறந்ததும் புளித்த வாடை, அல்லது கையில் உதிராத கட்டி இருந்தால் அந்தத் தொகுதியையே ஒதுக்குங்கள். விளம்பரத்தில் “மென்மையான, வெளிர் இளஞ்சிவப்பு; கடையில் கிடைக்கும் ராணி பிங்க் போல இருக்காது” என்று எழுதி, போட்டோவையும் நிறம் கூட்டாமல் போடுங்கள்.

பச்சையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கீரை, வேப்பிலைப் பொடியில் வருவது மங்கலான பாசிப்பச்சை. குழந்தைகளுக்குப் பிடிப்பது கிளிப்பச்சை. மருதாணிப் பொடி கொஞ்சம் நன்றாகப் பச்சை காட்டும், ஆனால் ஈரம் பட்டதும் தோலில் ஆரஞ்சாகப் பிடிக்கும். அதைவிட முக்கியம், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசி ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பெற்றோருக்கே அந்தக் குறைபாடு தெரியாமலிருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கான பொடியில் மருதாணியைத் தவிர்த்துவிடுங்கள்.

சரி, கிளிப்பச்சைதான் வேண்டும் என்றால்? சந்தையில் “ஹெர்பல்” என்று வரும் பளிச் பச்சை பெரும்பாலும் கார்ன்ஃப்ளாரில் டார்ட்ரசின் மஞ்சளும் பிரில்லியன்ட் ப்ளூவும் கலந்தது. இரண்டும் உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள். அவற்றைச் சேர்ப்பது குற்றமில்லை. மூலிகை என்று சொல்வதுதான் தவறு. நேராகவே எழுதலாம்:

> பச்சை: கார்ன்ஃப்ளார், உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் இரண்டு (டார்ட்ரசின், பிரில்லியன்ட் ப்ளூ). இலைகளிலிருந்து எடுத்த நிறம் அல்ல.

இப்படி எழுதினால் விற்காதே என்று பயப்படுவார்கள். தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் இப்போது நன்றாகவே தெரியும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தபோது ரோடமின் பி என்ற துணிச்சாயத்தின் பெயர் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. “ரோடமின் பி, மாலகைட் கிரீன் போன்ற தொழிற்சாலைச் சாயங்கள் இல்லை” என்று ஆய்வக அறிக்கையை வைத்துக்கொண்டு எழுதினால் அது அவர்களுக்குப் புரியும் மொழி.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். “மற்ற கலர்களில் என்ன விஷம் தெரியுமா” என்று ஆண்டுதோறும் சுற்றும் பட்டியலை எடுத்து ஒட்டுவது. வெள்ளி நிறத்தில் அலுமினியம் புரோமைடு என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்தப் பொருள் வெள்ளி நிறமே இல்லை, தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியக் கூடியது. வேதியியல் படித்த ஒரு அப்பா அதைப் பார்த்தால் உங்கள் பாக்கெட்டில் எழுதியிருக்கும் மற்றதையும் நம்பமாட்டார்.

எச்சரிக்கையை ஒளிக்காதீர்கள்

மாவும் மஞ்சளும் மட்டும் என்றாலும் மூன்று எச்சரிக்கை வேண்டும். முதலாவது மூச்சு. எந்த நுண்பொடியும் வீசிங் உள்ள குழந்தைக்கு ஆகாது. “முகத்தில் வீச வேண்டாம், கையில் எடுத்துக் கன்னத்தில் தடவுங்கள்” என்று எழுதுங்கள். இரண்டாவது கண். கசக்காமல், சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

மூன்றாவதைப் பலர் எழுதுவதே இல்லை. நெருப்பு. காற்றில் பறக்கும் ஸ்டார்ச் தூள் தீப்பற்றி வெடிக்கும். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் நடந்த கலர்பொடி விழாவில், மேடையருகே தூவிய வண்ணச் சோளமாவுத் தூள் தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 500 பேர் தீக்காயமடைந்தார்கள். அதில் விஷச்சாயம் ஒரு பிரச்சினையே இல்லை, மாவுதான் எரிந்தது. ஹோலிக்கு முந்தைய இரவு ஹோலிகா தகனம் என்று தீ மூட்டுவார்கள். பிள்ளைகள் ஆர்வத்தில் அன்றே பாக்கெட்டைப் பிரித்துவிடும். “தீ, மெழுகுவத்தி, பட்டாசு, சூடான விளக்கு அருகே தூவ வேண்டாம்” என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

ஒவ்வாமைக்கு: “முந்தின நாள் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ பயன்படுத்த வேண்டாம்.” மஞ்சள் பொடிக்கு ஒரு சிக்கல், தடவிய இடம் எப்படியும் மஞ்சளாகவே இருக்கும். அதனால் நிறத்தைப் பார்க்காமல் அரிப்பு, தடிப்பு, எரிச்சலைப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். கடலை மாவோ மைதாவோ சேர்த்திருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், அவை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு.

முழு பாக்கெட்

எடை அதிகமானதை முதலில் எழுதுவது வழக்கம். மேலே பேசிய மஞ்சள் பாக்கெட்டின் பின்பக்கம் இப்படி வரும்:

> மஞ்சள் ஹோலிப் பொடி. 100 கிராம்.
>
> உள்ளே இருப்பது: கார்ன்ஃப்ளார் 92 கிராம் (பொடி மிருதுவாக, பறக்கும்படி இருக்க), சமையல் மஞ்சள் 8 கிராம் (நிறத்துக்கு). வேறு எதுவும் சேர்க்கவில்லை.
>
> சோப்புப் பட்டால் சிவக்கும், அது மஞ்சளின் குணம். முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, தண்ணீரில் கழுவி, கடைசியில் சோப்புப் போடுங்கள். வெள்ளைத் துணியில் கறை படியும்.
>
> முதல் நாள் கையில் தடவிப் பாருங்கள். முகத்தில் வீச வேண்டாம். தீ அருகே தூவ வேண்டாம். வீசிங், தோல் நோய் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உணவுப் பொருள் அல்ல.
>
> ஈயம், ஆர்செனிக், பாதரசம், காட்மியம், பூஞ்சை: ஆய்வக அறிக்கை கேட்டால் அனுப்புவோம். தொகுதி எண்: ____

இதோடு தயாரித்தவர் அல்லது பாக்கெட் போட்டவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண், மின்னஞ்சல். இவை 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் கேட்பவை, சின்ன வியாபாரம் என்று விட்டுவிட முடியாது.

தொகுதி எண்ணை மட்டும் அலங்காரத்துக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் ஒரு பாக்கெட்டை எடுத்து, மூடி, எண் எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். யாராவது “என் பிள்ளைக்குத் தடித்துவிட்டது” என்று கூப்பிட்டால், முதலில் குழந்தையை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பாக்கெட்டில் உள்ள இரண்டு பொருளின் பெயரையும் செய்தியாக அனுப்பிவிடுங்கள், மருத்துவர் அதைத்தான் கேட்பார். பிறகு கூப்பிட்டவர் சொல்லும் தொகுதி எண்ணுக்குரிய மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அன்று வேறு கடைப் பொடியும் சேர்த்து விளையாடியிருப்பார்கள், எது யாருடையது என்று பிரித்தறிய உங்களிடம் இருக்கும் ஒரே வழி அந்த ஒரு பாக்கெட்தான்.